0.25 N என்று பாட்டிலில், 0.0417 M என்று தாளில்: மாங்கூழ் ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கிருஷ்ணகிரிப் பக்கம் மே மாதம் மாங்கூழ் சீசன் தொடங்கும்போது ஆய்வகத்துக்கு ஆள் எடுப்பார்கள். பி.எஸ்சி. வேதியியல் முடித்திருந்தால் போதும், மூன்று மாத வேலை. நானும் அப்படித்தான் தர்மபுரியிலிருந்து காலை பஸ் பிடித்து ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். முதல் வாரத்திலேயே ஒரு லிட்டர் டைக்ரோமேட் கரைசலைத் தப்பாகத் தயாரித்து, ஒரு நாள் முழுக்கச் செய்த சோதனையை வீணாக்கினேன். காரணம் சின்னதுதான். நார்மாலிட்டியில் எழுதியிருந்த எண்ணை மோலாரிட்டி என்று எடுத்துக்கொண்டேன்.

கல்லூரியில் V₁N₁ = V₂N₂ போட்டு மார்க் வாங்கியவன்தான் நான். ஆனால் அங்கே கரைசலைத் தயாரித்து வைத்தவர் வேறொருவர். வேலையில் அதை நாமே தயாரிக்க வேண்டும், லேபிளையும் நாமே எழுத வேண்டும். அங்கேதான் சறுக்குகிறது. நான் தட்டுத்தடுமாறிக் கற்ற வரிசையிலேயே சொல்கிறேன். கால்குலேட்டரும் உங்கள் ஆய்வகத்தின் முறைத்தாளும் பக்கத்தில் இருக்கட்டும்.

1. எடை போடும் முன் "எந்த வினைக்கு?" என்று கேளுங்கள்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு சீனியர் அக்கா இருந்தார், பர்கூர்க்காரர். அவர் சொன்ன விளக்கம்தான் எனக்குப் பிடிபட்டது. "லாரியில மாங்கா ஏத்த வர்ற ஆளுங்கள எப்படி எண்ணுவ? தலைய எண்ணினா மோலாரிட்டி. வேல செய்யற கைய எண்ணினா நார்மாலிட்டி."

ஒரு லிட்டரில் எத்தனை மோல் இருக்கிறது என்பது மோலாரிட்டி. அந்த மோல்கள் எத்தனை மோல் ஹைட்ரஜன் அயனியையோ எலக்ட்ரானையோ கொடுக்கும் அல்லது வாங்கும் என்பது நார்மாலிட்டி. ஒரு மூலக்கூறுக்கு இத்தனை கை என்ற எண்ணை n என்று வைத்துக்கொண்டால் எல்லாம் மூன்றே வரியில் அடங்கும்:

```
சமான எடை = மூலக்கூறு எடை / n
N = n × M
M = N / n
```

பாடப்புத்தகத்தில் இதையே சமான நிறை என்று படித்திருப்பீர்கள், இரண்டும் ஒன்றுதான். சிக்கல் சூத்திரத்தில் இல்லை, n-இல் இருக்கிறது. ஒரு ஆளுக்கு இரண்டு கை இருந்தாலும், ஒரு கையால் செய்யும் வேலை என்றால் ஒன்றைத்தான் எண்ண வேண்டும். அதே மாதிரி n என்பது பாட்டிலில் உள்ள பொருளின் நிரந்தரக் குணம் கிடையாது, அந்தப் பொருள் அன்றைக்குச் செய்யப்போகும் வினையின் கணக்கு. அதனால்தான் "இதோட சமான எடை என்ன?" என்று யாராவது கேட்டால் அக்கா பதில் சொல்ல மாட்டார். "எதுக்குப் போடப் போற, அதச் சொல்லு முதல்ல" என்பார்.

2. மூலக்கூறு எடையைப் பாட்டிலில் இருந்து எடுங்கள், நினைவிலிருந்து வேண்டாம்

பழத்தின் புளிப்பைக் கணக்கிட சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும், ஆய்வகத்தில் அதைச் சுருக்கமாகச் சோடா என்போம். அதன் பலத்தைச் சரிபார்க்க ஆக்சாலிக் அமிலம் வேண்டும். இந்த ஆக்சாலிக் அமிலத்தில்தான் புதியவர்கள் முதலில் விழுவார்கள்.

நினைவில் இருப்பது H₂C₂O₄, மூலக்கூறு எடை 90.03. அலமாரியில் இருப்பதோ பெரும்பாலும் இரண்டு நீர் மூலக்கூறுகளோடு வரும் படிகம், H₂C₂O₄·2H₂O, 126.07. அமிலமாக இரண்டு ஹைட்ரஜனையும் கொடுக்கும், எனவே n = 2, சமான எடை 63.04. 250 மி.லி. அளவுக் குடுவையில் 0.1 N கரைசல் செய்ய:

```
63.04 × 0.1 × 0.250 = 1.576 கிராம்
```

90.03-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 1.125 கிராம்தான் வரும். அதை நீர் உள்ள பாட்டிலிலிருந்து எடை போட்டால் கரைசல் 0.0714 N ஆகிவிடும். லேபிளில் 0.1 N என்று இருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இந்தக் கரைசலை வைத்துச் சோடாவின் பலத்தைக் கண்டால் அது உண்மையைவிட 40 சதவீதம் கூடுதலாக வரும், அதற்கப்புறம் அன்றைய எல்லாப் பழத்தின் புளிப்பும் அதே 40 சதவீதம் ஏறிவிடும். டைட்ரேஷன் ஒவ்வொன்றும் அழகாக, ஒத்த வாசிப்போடு வரும். அதனால் அதைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. பாட்டில் லேபிளில் அச்சிட்ட மூலக்கூறு எடையை அப்படியே நோட்டில் எழுதுவது ஒன்றுதான் வழி.

சோடியம் ஹைட்ராக்சைடின் மூலக்கூறு எடை 40, n = 1. எனவே லிட்டருக்கு 4 கிராம் போட்டால் 0.1 N, அதுவே 0.1 M. ஆனால் அந்த 4 கிராமை நம்ப முடியாது. எடை போடும் நேரத்திலேயே உருண்டைகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பளபளவென்று நனைந்துவிடும், கார்பன் டைஆக்சைடையும் பிடிக்கும். எனவே ஏறக்குறைய 4 கிராம் போட்டுக் கரைத்து, ஆக்சாலிக் அமிலத்தால் பலத்தைக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். நான் செய்த ஒரு நாளின் கணக்கு: 0.1 N ஆக்சாலிக் 10 மி.லி., பினாப்தலீன் இரண்டு சொட்டு, பியூரெட்டில் சோடா, இளஞ்சிவப்பு நின்றது 10.4 மி.லி.யில்.

```
N = 10 × 0.1 / 10.4 = 0.0962
```

இந்த 0.0962-ஐத்தான் அந்த வாரம் முழுக்கப் பயன்படுத்தினேன். வாரம் ஒருமுறை திரும்பப் பார்ப்பது எங்கள் பழக்கம். பாட்டிலை அடிக்கடி திறந்து மூடினால் அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

3. கூழின் புளிப்பு: 64 எங்கிருந்து வருகிறது

சுவரில் ஒட்டியிருந்த தாளில் "× 64" என்று மட்டும் இருந்தது. ஏன் 64 என்று யாரும் சொல்லவில்லை. மாங்காயின் புளிப்பை சிட்ரிக் அமிலமாகக் கணக்கிடுகிறோம். அதன் மூலக்கூறு எடை 192.12, நீர் இல்லாத வடிவத்துக்கு. பினாப்தலீன் நிறம் மாறும்போது அதன் மூன்று ஹைட்ரஜனும் போய்விட்டிருக்கும், எனவே n = 3. 192.12-ஐ 3-ஆல் வகுத்தால் 64.04.

பெங்களூரா கூழ் 10 கிராம் எடுத்து, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் நன்றாகக் கலக்கி டைட்ரேட் செய்தபோது 8.5 மி.லி. சோடா ஆனது.

```
8.5 × 0.0962 = 0.818 மில்லி சமானம்
0.818 × 64.04 = 52.4 மி.கி. = 0.0524 கிராம்
0.0524 / 10 × 100 = 0.524 %
```

சோடாவை 0.1 என்றே வைத்திருந்தால் 0.544 வந்திருக்கும். வாங்குபவர் கேட்கும் வரம்பின் ஓரத்தில் நிற்கும் கூழுக்கு இந்த வித்தியாசம் போதும், லாட் திரும்பி வரும்.

இங்கே இரண்டு தப்பு நடக்கும். ஒன்று, n-ஐ மறந்து 192-ஐயே பெருக்கிவிடுவது. விடை 1.57 சதவீதம் வரும். நாக்கில் வைத்துப் பார்த்த எவரும் அந்த எண்ணை நம்ப மாட்டார்கள், அதனால் இந்தப் பிழை பெரும்பாலும் பிடிபட்டுவிடும். இன்னொன்றுதான் ஆபத்து. கூழில் சேர்க்க வாங்கி வைத்திருக்கும் சிட்ரிக் அமில மூட்டை ஒரு நீர் மூலக்கூறு உள்ள வடிவமாக இருக்கலாம், எடை 210.14. அதன் லேபிளைப் பார்த்துவிட்டு 70 என்று யாராவது எக்செல் தாளில் மாற்றி வைத்திருப்பார்கள். விடை 0.57 ஆகும், கண்ணுக்குச் சரியாகவே தெரியும். முறைத்தாள் "நீரற்ற சிட்ரிக் அமிலமாக" என்று கேட்டால் 64.04 மட்டும்தான்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மஞ்சள் கூழில் பினாப்தலீனின் இளஞ்சிவப்பு இளஞ்சிவப்பாகத் தெரியாது, காவி கலந்த ஆரஞ்சாகத்தான் தெரியும். முதல் நாள் நான் "பிங்க்" வரும் என்று காத்திருந்து ஒன்றரை மி.லி. தாண்டிப்போனேன். தண்ணீரைக் கூட்டி நீர்க்கச் செய்து, பக்கத்தில் டைட்ரேட் செய்யாத கூழை ஒரு குடுவையில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பி.ஹெச். மீட்டர் இருந்தால் 8.2-இல் நிறுத்துங்கள், இன்னும் நல்லது.

பாய்லர் தண்ணீரின் காரத்தன்மைக்கு வைத்திருக்கும் 0.02 N சல்பியூரிக் அமிலமும் இதே கணக்கில் வரும். n = 2, ஆக 0.01 M. ஆனால் சோடியம் கார்பனேட்டை வைத்து அந்த அமிலத்தின் பலத்தைப் பார்க்கும்போது இண்டிகேட்டரைக் கவனியுங்கள். மெத்தில் ஆரஞ்சு போட்டால் கார்பனேட் இரண்டு ஹைட்ரஜனை வாங்கி முடித்திருக்கும், சமான எடை 53. பினாப்தலீன் போட்டால் ஒன்றோடு நிறம் போய்விடும், சமான எடை 106. அதே பாட்டில், அதே அமிலம், சொட்டுப் போட்ட இண்டிகேட்டர் மட்டும்தான் வேறு.

4. டைக்ரோமேட்: நான் விழுந்த குழி

கூழ்த் தொழிற்சாலையில் தோல், கொட்டை கழுவிய தண்ணீர் எல்லாம் ஈ.டி.பி. என்ற கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போகும். அந்தத் தண்ணீரின் சி.ஓ.டி.யை, அதாவது அதிலுள்ள கழிவை ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதைப் பார்க்க வேண்டும். மாதிரியோடு பொட்டாசியம் டைக்ரோமேட்டும் அடர் சல்பியூரிக் அமிலமும் சேர்த்து 2 மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய்து, மிச்சமுள்ள டைக்ரோமேட்டை ஃபெரஸ் அமோனியம் சல்பேட்டால் டைட்ரேட் செய்வது. ஆய்வகத்தில் அந்த இரும்பு உப்பை எஃப்.ஏ.எஸ். என்றுதான் சொல்வார்கள்.

சுவரிலிருந்த பழைய தாளில் "டைக்ரோமேட் 0.25" என்று பேனாவால் எழுதியிருந்தது. பக்கத்திலிருந்த N என்ற எழுத்து ஈரத்தில் அழிந்து போயிருந்தது. என் கல்லூரி நோட்டில் மோலாரிட்டி சூத்திரம் இருந்தது. 294.18 × 0.25 = 73.5 கிராம். 500 கிராம் பாட்டிலில் ஏழில் ஒரு பங்கு காலி. கொட்டும்போதே "இவ்வளவா?" என்று தோன்றியது, ஆனாலும் கொட்டினேன்.

அன்று ஒரு வெற்றுச் சோதனையும் இரண்டு மாதிரியும் ஏற்றினேன். 2 மணி நேரம் கொதித்து, ஆறி, தண்ணீர் ஊற்றி, ஃபெரோயின் சொட்டுப் போட்டு டைட்ரேட் செய்யத் தொடங்கினால் நிறம் மாறவே இல்லை. 50 மி.லி. பியூரெட் காலி. திரும்ப நிரப்பினேன், அதுவும் காலி. மூன்றாவது பியூரெட்டின் அடியில்தான் பச்சை மறைந்து செங்காவி வந்தது. குடுவை விளிம்புவரை நிரம்பியிருந்தது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "நூத்தம்பது மி.லி.யா? ஏன்பா, எத்தன கிராம் போட்ட?" என்றார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். டைக்ரோமேட்டில் ஒவ்வொரு குரோமியமும் +6-இலிருந்து +3-க்கு இறங்கும். அணுவுக்கு 3 எலக்ட்ரான். Cr₂O₇ என்பதில் இரண்டு குரோமியம் இருக்கிறது, எனவே n = 6. (3 என்று எண்ணி நிறுத்திவிடுவது அடுத்த பெரிய தப்பு. அணுவுக்கு எண்ணியதை மூலக்கூறிலுள்ள அணுக்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும்.) சமான எடை 294.18 / 6 = 49.03. 0.25 N-க்கு லிட்டருக்கு 12.26 கிராம் போதும். நான் போட்ட 73.5 கிராமோ 0.25 M, அதாவது 1.5 N. ஆறு மடங்கு.

எஃப்.ஏ.எஸ்.-இல் இரும்பு +2-இலிருந்து +3-க்குப் போகும், ஒரே எலக்ட்ரான். n = 1, எடை 392.14, எனவே லிட்டருக்கு 39.2 கிராம் போட்டால் 0.1 N, அதுவே 0.1 M. வெற்றுச் சோதனையில் 10 மி.லி. டைக்ரோமேட் போட்டிருந்தேன்:

```
சரியான கரைசல்:  10 × 0.25 / 0.1 = 25 மி.லி.
நான் செய்தது:    10 × 1.5 / 0.1 = 150 மி.லி.
```

அந்த ஒரு லிட்டரை என்ன செய்வது என்று கேட்டேன். 41.67 மி.லி.யை 250 மி.லி. ஆக நீர்க்கச் செய்தால் 0.25 N வரும். அதை வைத்துக் கை பழகச் சொன்னார், ரிப்போர்ட்டுக்கு மட்டும் புதிதாக எடை போட வேண்டும் என்றார். சாக்கடையில் கொட்டவே கூடாது. ஆறு இணைதிறன் குரோமியம் நஞ்சு, அதற்கென்று வைத்திருக்கும் கழிவு டிரம்மில்தான் போக வேண்டும். கையுறை இல்லாமல் தொடவும் வேண்டாம்.

வீணானதில் விலை அதிகம் டைக்ரோமேட்டுக்கு இல்லை, அமிலத்தில் கரைத்திருந்த சில்வர் சல்பேட்டுக்குத்தான். ஒரு குடுவைக்கு ஊற்றும் 30 மி.லி. அமிலத்தில் சுமார் 0.3 கிராம் சில்வர் சல்பேட் போகிறது, அது வெள்ளி உப்பு. அது அமிலத்தில் கரைய ஒன்றிரண்டு நாள் ஆகும். தீர்ந்துவிட்டால் உடனே செய்துகொள்ள முடியாது.

5. ரிஃப்ளக்ஸ் ஏற்றும் முன் பத்து நிமிடம் செலவழியுங்கள்

இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அந்த மூன்று குடுவையும் தப்பியிருக்கும். எஃப்.ஏ.எஸ். கரைசல் காற்று பட்டாலே பலம் குறையும், தினமும் அதன் பலத்தைப் பார்க்க வேண்டும். அந்த வேலையைக் காலையில் முதலில் செய்தால் டைக்ரோமேட்டில் தப்பிருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும், கொதிக்க வைக்கும் முன்பே.

டைக்ரோமேட் 10 மி.லி. எடுத்துத் தண்ணீரில் 100 மி.லி. ஆக்கி, அடர் சல்பியூரிக் அமிலம் 30 மி.லி.யை மெதுவாகச் சேர்த்து, ஆறவிட்டு, ஃபெரோயின் போட்டு டைட்ரேட் செய்யுங்கள். 25 மி.லி.க்குப் பக்கத்தில் வந்தால் சரி. எனக்கு 25.6 வந்தது:

```
N = 10 × 0.25 / 25.6 = 0.0977
```

அன்று ஈ.டி.பி. மாதிரி 2 மி.லி.யைத் தண்ணீர் சேர்த்து 20 மி.லி. ஆக்கி ஏற்றினேன். வெற்றுச் சோதனைக்கு 25.4, மாதிரிக்கு 18.1.

```
சி.ஓ.டி. = (25.4 − 18.1) × 0.0977 × 8000 / 2
        = 2853, ஏறக்குறைய 2850 மி.கி./லி.
```

இந்த 8000-உம் சுவரில் விளக்கமில்லாமல் தொங்கிய எண்தான். ஆக்சிஜன் மூலக்கூறு 32, வினையில் 4 எலக்ட்ரான் வாங்கும், சமான எடை 8. கிராமை மில்லிகிராம் ஆக்க ஆயிரத்தால் பெருக்கினால் 8000. சூத்திரத்தில் N இருக்கிற இடத்தில் எஃப்.ஏ.எஸ்.-இன் M-ஐப் போட்டாலும் விடை மாறாது, ஏனென்றால் அதற்கு n = 1. டைக்ரோமேட்டின் M-ஐ அங்கே கொண்டுவரக் கூடாது.

6. மாற்றிய பிறகு கிராமை ஒப்பிடுங்கள்

புதிய முறைத்தாள்கள் மோலாரிட்டியில்தான் வருகின்றன. எங்கள் கோப்பிலிருந்த அச்சுத் தாளில் டைக்ரோமேட் 0.0417 M என்று இருந்தது, பாட்டிலில் 0.25 N என்று இருந்தது. வேறு வேறு கரைசல் என்று நினைத்து நான் அச்சுத் தாளையே ஒதுக்கி வைத்திருந்தேன். 0.25-ஐ 6-ஆல் வகுத்துப் பார்த்திருந்தால் முடிந்திருக்கும்: 0.04167. இரண்டும் ஒரே கரைசல்.

மாற்றும்போது வகுப்பதா பெருக்குவதா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். கைகளின் எண்ணிக்கை தலைகளின் எண்ணிக்கையைவிடக் குறையாது, எனவே N எப்போதும் M-க்குச் சமமாகவோ கூடுதலாகவோதான் இருக்கும். அதோடு நிற்காமல் இரண்டு வழியிலும் கிராம் போட்டுப் பாருங்கள்:

```
0.25 N × 49.03       = 12.26 கிராம்
0.04167 M × 294.18   = 12.26 கிராம்
```

கிராம் ஒத்துவந்தால் மாற்றியது சரி. வராவிட்டால் n தப்பு அல்லது வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறீர்கள். தராசில் நிற்கும் எண் ஒன்றுதான், அதை எந்தப் பெயரில் எழுதினாலும் அது மாறக் கூடாது.

இன்னொரு இடம். V₁N₁ = V₂N₂ டைட்ரேஷனுக்கும் பொருந்தும், நீர்க்கச் செய்வதற்கும் பொருந்தும். V₁M₁ = V₂M₂ நீர்க்கச் செய்வதற்கு மட்டும்தான் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். டைட்ரேஷனில் இரண்டு பக்கமும் n ஒன்றாக இருந்தால்தான் அது சரி வரும். 10 மி.லி. 0.04167 M டைக்ரோமேட்டுக்கு 0.1 M எஃப்.ஏ.எஸ். எவ்வளவு என்று அதில் போட்டால் 4.17 மி.லி. என்று விடை வரும். பியூரெட் 25 காட்டும். மோலாரிட்டியிலேயே வேலை செய்ய வேண்டும் என்றால் சமன்பாட்டிலிருந்து "1 டைக்ரோமேட்டுக்கு 6 இரும்பு" என்ற விகிதத்தை எழுதிக்கொண்டு பெருக்குங்கள்.

7. பெர்மாங்கனேட்டில் n நடுவழியில் மாறும்

பிளஸ் டூ ஆய்வகத்தில் ஆக்சாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட்டால் டைட்ரேட் செய்திருப்பீர்கள். அமில ஊடகத்தில் மாங்கனீஸ் +7-இலிருந்து +2-க்கு வரும், n = 5, சமான எடை 158.03 / 5 = 31.61. எனவே 0.1 N என்பது 0.02 M. நடுநிலை ஊடகத்தில் +4-இலேயே நின்றுவிடும், n = 3. அதே 0.02 M கரைசல் அப்போது 0.06 N ஆகிவிடும். பாட்டிலில் "0.1 N" என்று மட்டும் எழுதியிருந்தால் அமில ஊடகத்தில் என்று பொருள் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் அது லேபிளில் இருக்காது.

இதைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். டைட்ரேஷன் நடுவில் கூம்புக் குடுவையில் பழுப்புக் கலங்கல் வந்தால், அது மாங்கனீஸ் டைஆக்சைடு. சல்பியூரிக் அமிலம் போதவில்லை, அல்லது சூடாக இல்லாமல் வேகமாக விட்டுவிட்டீர்கள். அந்தக் குடுவையில் ஒரு பகுதி மாங்கனீஸ் 5 எலக்ட்ரானும் ஒரு பகுதி 3 எலக்ட்ரானும் வாங்கியிருக்கிறது. எந்த n-ஐப் போட்டாலும் விடை சரியாக வராது. அந்த வாசிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, அமிலம் கூட்டி, 60–70 டிகிரி சூட்டில், முதல் சில சொட்டுகளை ஒவ்வொன்றாக நிறம் போகும்வரை காத்திருந்து விடுங்கள். அமிலம் வேண்டும் என்பதற்காக ஹைட்ரோகுளோரிக்கை ஊற்றிவிடாதீர்கள், பெர்மாங்கனேட் அதிலுள்ள குளோரைடையும் ஆக்சிஜனேற்றும், வாசிப்பு கூடும்.

ஆக்சாலிக் அமிலம் சோடாவோடு வினைபுரிந்தால் 2 ஹைட்ரஜன், பெர்மாங்கனேட்டோடு என்றால் 2 எலக்ட்ரான். இரண்டிலும் n = 2 என்பதால் ஒரே 0.1 N பாட்டில் இரண்டுக்கும் உதவும். இதைப் பார்த்துவிட்டு எல்லாப் பொருளுக்கும் இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். பொட்டாசியம் ஹைட்ரஜன் ஆக்சலேட் அமிலமாக ஒரே ஒரு ஹைட்ரஜனைக் கொடுக்கும், ஒடுக்கியாக இரண்டு எலக்ட்ரானைக் கொடுக்கும். சோடாவுக்கு 0.1 N ஆன கரைசல் பெர்மாங்கனேட்டுக்கு 0.2 N.

8. லேபிளில் எழுத வேண்டியது, நேரக் கணக்கு

எங்கள் ஆய்வகத்தில் அந்த 150 மி.லி. சம்பவத்துக்குப் பிறகு லேபிளை மாற்றினோம். டைக்ரோமேட் பாட்டிலில் இப்போது இப்படி இருக்கிறது:

```
K₂Cr₂O₇  மூ.எ. 294.18
12.26 கி./லி.
0.04167 M
0.25 N (n = 6, Cr +6 → +3, சி.ஓ.டி.க்கு)
தேதி, எடை போட்டவர்
```

கிராமை முதலில் எழுதுவது அக்காவின் யோசனை. N அழிந்தாலும் M அழிந்தாலும் கிராம் இருந்தால் மீதியை யாரும் கணக்கிட்டுக்கொள்ளலாம். n எழுதாத நார்மாலிட்டி லேபிளை நான் இப்போது பாதி லேபிளாகத்தான் பார்க்கிறேன்.

நேரத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். டைக்ரோமேட்டை எடை போடும் முன் 150 டிகிரியில் 2 மணி நேரம் உலர்த்தி ஆறவிட வேண்டும், எனவே முந்தின நாள் மாலையே அடுப்பில் வைத்துவிடுவது வசதி. பெர்மாங்கனேட்டைக் கரைத்தவுடன் பயன்படுத்த முடியாது. ஓரிரு நாள் இருட்டில் வைத்து, வடிதாள் இல்லாமல் கண்ணாடி வடிகட்டியில் வடிகட்டி, அப்புறம்தான் பலம் பார்க்க வேண்டும். வடிதாள் போட்டால் தாளையே ஆக்சிஜனேற்றி விடும். சி.ஓ.டி. ஒரு சுற்றுக்குக் கொதிக்கவும் ஆறவும் டைட்ரேட் செய்யவும் அரை நாள் போய்விடும். மதியத்துக்கு மேல் ஏற்றினால் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியாது, நான் இரண்டு முறை காவேரிப்பட்டணம் வரை லாரியில் வந்திருக்கிறேன்.

சீசன் முடியும்போது சுவரிலிருந்த பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதி ஒட்டினோம். 64-க்கும் 8000-க்கும் பக்கத்தில் எப்படி வந்தது என்று ஒவ்வொரு வரி சேர்த்திருக்கிறது. N என்ற எழுத்தைப் பென்சிலில் எழுதச் சொன்னார் அக்கா, ஈரம் பட்டால் அது கரையாதாம்.